மாத்திரை உடம்பில் இல்லை, ஆனால் அது செய்துவிட்டுப் போன வேலை இருக்கிறது

*டாக்டர், என் கணவர் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் மேஸ்திரி. குடியை நிறுத்தச் சேலத்தில் டைசல்ஃபிரம் 250 மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நாலு மாதம் ஒரு சொட்டு குடிக்கவில்லை. போன மாதம் ஊர்த் திருவிழாவுக்குக் குடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். நாலு நாள் விட்டு ஐந்தாம் நாள் ஒரு கட்டிங் போட்டதும் முகமெல்லாம் ரத்தச் சிவப்பாகி, வாந்தி எடுத்து, நெஞ்சை அடைக்கிறது என்று சுருண்டு விழுந்துவிட்டார். அந்த மாத்திரை விஷம், இனித் தொடமாட்டேன் என்கிறார். இப்போது தினமும் குடிக்கிறார். குழம்பில் பொடித்துக் கலந்து போடு என்கிறார் என் அண்ணன். மாத்திரையே உடம்பில் இல்லாதபோது எப்படி இப்படி ஆனது? கலந்து கொடுக்கலாமா?*
*— ஒரு வாசகி, ஏற்காடு*

கலந்து கொடுக்காதீர்கள் அம்மா. உங்கள் அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அது உங்கள் கணவரின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஏன் என்பது, ஐந்தாம் நாள் நடந்தது என்ன என்று விளங்கினால் தானாகவே புரிந்துவிடும். அதனால் முதலில் அதைச் சொல்கிறேன்.

சாராயம் உடம்பை விட்டு இரண்டு கட்டமாக வெளியேறுகிறது. முதல் கட்டத்தில் கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. இது ஆல்கஹாலைவிடப் பல மடங்கு கெட்டது. இரண்டாம் கட்டத்தில் ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் என்ற வேறொரு நொதி, அந்த அசிட்டால்டிஹைடை உடனுக்குடன் அசிட்டேட்டாக மாற்றிவிடுகிறது. அசிட்டேட் கிட்டத்தட்ட நம் வீட்டு வினிகர் சங்கதிதான், அதனால் தொந்தரவு இல்லை. அது கடைசியில் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் போய்விடும். சாதாரணமாகக் குடிப்பவர் ரத்தத்தில் அசிட்டால்டிஹைடு மிகக் கொஞ்சமே இருப்பதற்கு இந்த இரண்டாவது நொதியின் வேகம்தான் காரணம்.

உங்கள் தோட்டத்திலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். பறித்து வந்த காபிப் பழத்தைப் பல்பரில் போட்டால் தொலி உரிந்து கொட்டை ஈரத்தோடு விழும். அதைக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். இப்போது களத்தை மட்டும் யாரோ பூட்டிவிட்டார்கள், பல்பர் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று வையுங்கள். ஈரக் கொட்டை வாசலிலேயே குவியும், புளிக்கும், நாறும். பல்பரில் பழம் தீரும்வரை குவிந்துகொண்டேதான் இருக்கும். டைசல்ஃபிரம் பல்பரைத் தொடுவதில்லை, களத்தை மட்டும்தான் பூட்டுகிறது. அந்த நிலையில் குடித்தால் ரத்தத்தில் அசிட்டால்டிஹைடு வழக்கத்தைவிட ஐந்து முதல் பத்து மடங்கு ஏறிவிடும்.

அன்று நீங்கள் பார்த்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இதுதான். அசிட்டால்டிஹைடு ரத்தக் குழாய்களை விரித்துவிடும். அதனால்தான் முகமும் கழுத்தும் சிவந்து, தலை விண்விண் என்று தெறிக்கிறது. குழாய் விரிந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். அதை ஈடுகட்ட இதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும். வழக்கமாக இந்த நேரத்தில் நரம்புகள் நார்அட்ரினலின் என்ற சுரப்பைவிட்டுக் குழாய்களை மறுபடி இறுக்கப் பார்க்கும். டைசல்ஃபிரம் அந்தச் சுரப்பைத் தயாரிக்கும் நொதியையும் ஓரளவு தடுத்துவிடுகிறது. விரிகிற பக்கம் வேகமாக விரிகிறது, இறுக்குகிற பக்கத்தில் ஆள் இல்லை. எழுந்து நிற்க முடியாமல் அவர் சரிந்து விழுந்தது அதனால்தான் இருக்கும்.

சரி, நாலு நாளாக மாத்திரையே போடவில்லையே என்கிறீர்கள்.

தலைவலி மாத்திரை மாதிரி இருந்தால் நீங்கள் நினைப்பது சரிதான். அது ரத்தத்தில் இருக்கும்வரை வேலை செய்யும், போனதும் வேலை முடிந்தது. டைசல்ஃபிரம் அந்த வகையல்ல. விழுங்கிய மாத்திரை அப்படியே போய் நொதியைத் தடுப்பதும் இல்லை. கல்லீரல் அதை உடைத்து, இரண்டு மூன்று தடவை உருமாற்றி, கடைசியில் வரும் பொருள்தான் நொதியின் நடுவில் வேலை நடக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால் ஒட்டியதுதான், திரும்ப வராது. சாவித் துவாரத்தில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி. ஊற்றியவர் வீட்டைவிட்டுப் போய்விட்டாலும் பூட்டு திறக்காது, புதுப் பூட்டுதான் போடவேண்டும். கல்லீரல் அந்தப் புதுப் பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்யும். தேவையான அளவு நொதி மறுபடி உருவாக ஒரு வாரம் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அதனால்தான் கடைசி மாத்திரைக்குப் பிறகு 14 நாள் ஒரு துளிகூடக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறோம். உங்கள் கணவர் எண்ணியது மாத்திரையின் நாட்களை. அவர் எண்ணியிருக்க வேண்டியது நொதியின் நாட்களை.

ஆக, அந்த மாத்திரை அவரை விஷமாகத் தாக்கவில்லை. நாலு மாதம் தினமும் சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லையே? அன்று அவரைச் சாய்த்தது அந்தக் கட்டிங்தான், அதுவும் பாதி வழியில் நின்றுபோன கட்டிங்.

அளவையும் பார்த்துவிடுவோம். கட்டிங் என்றால் 90 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். அப்படியானால் அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 38 மில்லி, எடையில் 30 கிராம். ஒரு மணி நேரத்துக்குக் கல்லீரல் ஏழிலிருந்து பத்து கிராம்வரைதான் கையாளும். அதாவது உள்ளே போன அந்த 30 கிராமும் தீர மூன்று நாலு மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் பல்பர் ஓடும், கொட்டை குவியும். குடித்த பத்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் தொடங்கி, ரத்தத்தில் ஆல்கஹால் இருக்கும்வரை இந்த அவஸ்தை நீடிப்பது அதனால்தான். அவர் வாந்தியில் கொஞ்சம் வெளியே போயிருக்கும், அது நல்லதாய்ப் போயிற்று. கட்டிங்குக்குப் பதில் முழு குவார்ட்டரும் உள்ளே போயிருந்தால் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். ரத்தத்தில் அளவு ஏற ஏற அவஸ்தையும் கூடும். ஓர் எல்லையைத் தாண்டினால் நினைவு தப்பும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சு தளரும். மாரடைப்பு வந்தவர்களும் இறந்தவர்களும் உண்டு.

இந்த மாத்திரை குடிநோய்க்கென்று கண்டுபிடித்ததே அல்ல என்பது ஒரு வேடிக்கை. ரப்பரைப் பதப்படுத்த இதே குடும்பத்து ரசாயனங்களைப் பயன்படுத்துவார்கள். அப்படிப்பட்ட ஓர் அமெரிக்கத் தொழிற்சாலையில், வேலை முடிந்து குடிக்கப்போன ஆட்களால் குடிக்க முடியவில்லை என்று 1937-இலேயே அங்கிருந்த மருத்துவர் எழுதியிருக்கிறார். பிறகு டென்மார்க்கில் ஹால்ட், யாகப்சன் என்ற இருவர் இதைக் குடற்புழு மருந்தாக ஆக்கலாமா என்று தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். விருந்தில் கொஞ்சம் குடித்ததும் முகம் சிவந்து உடம்பு படுத்திவிட்டது. புழுவை மறந்துவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1948-இல் அவர்கள் எழுதிய பிறகுதான் இது குடிநோய்க்கு மருந்தானது. இன்னொன்று, சீனா, ஜப்பான், கொரியா மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குப் பிறவியிலேயே இந்த இரண்டாவது நொதி மந்தம். மாத்திரை போடாமலே ஒரு கிளாஸில் அவர்கள் முகம் சிவந்துவிடும்.

இனிக் குழம்புக்கு வருவோம். இந்த மாத்திரை குடி ஆசையைக் கொஞ்சமும் குறைக்காது. "குடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்" என்ற எண்ணம்தான் கையைத் தடுக்கிறது. அமெரிக்காவில் 605 பேரை வைத்து 1986-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு வழக்கமான 250 மில்லிகிராம், இன்னொரு பிரிவினருக்கு வெறும் ஒரு மில்லிகிராம் கொடுத்தார்கள். ஒரு மில்லிகிராமால் உடம்பில் ஒன்றும் ஆகாது. ஆனால் தாங்கள் சாப்பிடுவது டைசல்ஃபிரம் என்று இரு பிரிவினருக்கும் தெரியும். ஓராண்டு முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தபோது பிரிவுகளுக்குள் பெரிய வித்தியாசமே இல்லை. ஆக, தெரிந்திருப்பதுதான் பாதி மருந்து. குழம்பில் கலந்தால் அந்தப் பாதி போய்விடுகிறது, மிஞ்சுவது ஆபத்து மட்டும்.

எப்படிப்பட்ட ஆபத்து? தெரிந்து சாப்பிடுபவர் முதல் வாய் குடித்ததும் உடம்பு படுத்தினால் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். தெரியாதவர் பித்தம் என்று நினைத்து மீதியையும் ஊற்றுவார். மலைப்பாதையில் பைக்கில் வரும்போது தலை சுற்றினால், அந்த இருபது கொண்டை ஊசி வளைவில் எதில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனாலும் என்ன சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது, சாதாரணப் போதை என்று ஓரமாகப் படுக்கவைத்துவிடுவார்கள். அதோடு இப்போது அவர் தினமும் குடிக்கிறார். கடைசியாகக் குடித்து குறைந்தது 12 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் கழிந்த பிறகுதான் முதல் மாத்திரையே கொடுப்போம். ரத்தத்தில் ஏற்கெனவே சரக்கு இருக்கும்போது நீங்கள் போடும் குழம்பு, அவர் ஒரு வாய்கூடக் குடிக்காமலே அதே அவஸ்தையைக் கிளப்பிவிடும். பிறகு விஷயம் வெளியே தெரிந்தால் உங்கள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். அப்படி ஆன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

தெரிந்தே கொடுப்பதற்கு வழி இருக்கிறது. அவர் சம்மதித்தால், காலையில் உங்கள் கண்ணெதிரே மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லலாம். முழு மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்த் துப்புகிறவர்கள் நிறைய. வீட்டில் ஒருவர் பார்த்துக் கொடுக்கும்போதுதான் இந்த மருந்து நன்றாகப் பலன் தருகிறது.

பாட்டில் மட்டும்தான் குடி என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தவர், ஒருநாள் கோபத்தோடு வந்தார். "நான் குடிக்கவே இல்லீங்க, ஆனா முகம் எரியுது, தலை வலிக்குது, நெஞ்சு அடிச்சுக்குது." மனைவி நம்பவில்லை, வீட்டில் சண்டை. விசாரித்ததில், வயிற்று மந்தத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் ஓர் அரிஷ்டம் வாங்கி, சாப்பாட்டுக்குப் பிறகு 30 மில்லி குடித்திருக்கிறார். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்கவைத்துச் செய்பவை. ஐந்திலிருந்து பத்து சதவீதம்வரை ஆல்கஹால் தானாகவே ஊறியிருக்கும். எட்டு சதவீதம் என்று வைத்தால் 30 மில்லியில் கிட்டத்தட்ட இரண்டு கிராம். அறுபது கிலோ ஆளுக்கு அது ரத்தத்தில் 100 மில்லிக்குச் சுமார் ஐந்து மில்லிகிராமாக ஏறும். சாதாரண ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. டைசல்ஃபிரம் சாப்பிடுபவருக்கு முதல் அறிகுறிகள் தொடங்குவதே ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில்தான். அந்த மனிதர் சொன்னது உண்மை. மனைவியைக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் வீட்டில் சமாதானம் ஆனது. சில இருமல் டானிக்குகளிலும் ஹோமியோபதிச் சொட்டு மருந்துகளிலும் இதே சங்கதி உண்டு. வயிற்றுப்போக்குக்குக் கடையில் கேட்டு வாங்கும் மெட்ரோனிடசோல் இதற்கு வேறு மாதிரி எதிரி. இரண்டும் சேர்ந்தால் புத்தி பேதலித்து உளறத் தொடங்கிவிடலாம். டைசல்ஃபிரம் சாப்பிடும்போதும், நிறுத்தி இரண்டு வாரம்வரையும் அது கூடாது.

அதற்காக மாத்திரையில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். அபூர்வமாக அது கல்லீரலையே தாக்கும், பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள். குடிக்காமலே குமட்டல், பசியின்மை, மஞ்சள் கண், கட்டிக் காபி நிறத்தில் சிறுநீர் என்று வந்தால் அது கல்லீரல், உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகவேண்டும். குடித்த அரை மணிக்குள் முகம் சிவந்து படபடப்போடு வந்தால் அது அசிட்டால்டிஹைடு. வாந்தி இரண்டிலும் வரும், அதை வைத்துக் குழம்பவேண்டாம். தொடங்குவதற்கு முன்பும், பிறகு இரண்டு வாரத்திலும் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்வது இதற்காகத்தான்.

நெஞ்சடைப்பு என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என்னை யோசிக்கவைக்கிறது. அதற்கு ஈசிஜி எடுத்தார்களா என்று தெரியவில்லை. எடுக்காவிட்டால் இப்போதாவது எடுங்கள். இதயத்தில் கோளாறு இருந்தால் டைசல்ஃபிரம் அவருக்கு வேண்டவே வேண்டாம். குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற வேறு மாத்திரைகள் இருக்கின்றன. அவை இந்த அவஸ்தையைக் கொடுப்பதில்லை. மாத்திரை விஷம் என்று பயந்துபோனவரிடம் பேச அதுவே நல்ல தொடக்கம்.

மறுபடி ஒருமுறை அப்படி விழுந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். மலை இறங்கிச் சேலம் வர ஒரு மணி நேரம் ஆகும், அதனால் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தி வையுங்கள், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். அடைத்த பூட்டை அவை திறக்காது, புரைதான் ஏறும். ஆஸ்பத்திரியிலும் இதற்கென்று வழக்கமாகக் கொடுக்கும் மாற்று மருந்து கிடையாது. ஆல்கஹால் தீரும்வரை சலைன் ஏற்றி, ஆக்சிஜன் கொடுத்து, அழுத்தத்தைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் "டைசல்ஃபிரம் சாப்பிட்டவர், குடித்துவிட்டார்" என்ற இந்த ஒரு வரியைச் சொல்லிவிடுங்கள்.

தினமும் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தவும் வற்புறுத்தாதீர்கள். கை நடுக்கமும் வலிப்பும் வரலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, முன்பு பார்த்த டாக்டரிடமோ கூட்டிப்போங்கள். சில நாள் அங்கேயே தங்கவேண்டி வரலாம், அதற்கு ஏற்பாடு செய்துகொண்டு கிளம்புங்கள். பழைய மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள். அதில் மிச்சம் எத்தனை என்று எண்ணினாலே, அவர் உண்மையில் எந்தத் தேதியில் நிறுத்தினார் என்பது டாக்டருக்குத் தெரிந்துவிடும்.